இரண்டு பேர் பேசும் பிரசங்கம்: மத்தேயு 20-ஐ எப்படிப் பிரிப்பது?

கீற்று | 4 ஜூன், இரவு 9:50

நானும் என் தோழியும் சேர்ந்து ஓர் உரையாடல் பிரசங்கம் செய்ய வேண்டும். பகுதி மத்தேயு 20:1-16, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள்: எஜமான் வெவ்வேறு வேளையில் ஆள் எடுத்து, சாயங்காலத்தில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிற உவமை. நேரம் 18 நிமிடம். முழுவதும் எழுதி வைத்துத்தான் பேசப் போகிறோம். அவள் அதிகாலையில் வந்தவர்கள் பக்கம், நான் பதினோராம் மணி வேளையில், அதாவது பகல் முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது வந்தவர்கள் பக்கம். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பேட்டி மாதிரி இருக்கிறது. ஒரு துண்டு கீழே.

அவள்: நாள் முழுக்க வெயிலில் நின்றவர்களுக்கும் ஒரு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கும் ஒரே கூலியா? இது அநியாயம் இல்லையா?
நான்: ஒரு பணம் என்று பேசித்தானே அவர்கள் காலையில் வந்தார்கள்.
அவள்: அப்படியானால் ஏன் முறுமுறுத்தார்கள்?
நான்: தங்களுக்குக் குறைந்ததற்காக அல்ல, அடுத்தவனுக்குக் கிடைத்ததற்காக.

அவள் வரிகள் எல்லாம் கேள்விக்குறியில் முடிகின்றன. விளக்கம் எல்லாம் என்னிடம். சொற்களை எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு என் பக்கம் நிற்கிறது. எழுத்தில் கோளாறா, பிரித்த விதத்தில் கோளாறா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

துணிச்சல் | 4 ஜூன், இரவு 10:31

நடிச்சிடுங்க, முடிஞ்சது. போதகர் மாதிரி பேசுவதால்தான் பேட்டியாகிறது. அவர் தோளில் மண்வெட்டி, முகத்தில் வியர்வை, "நான் விடியற்காலையிலேயே வந்தவள்" என்று ஆரம்பிக்கட்டும். நீங்கள் கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வாருங்கள். சபையார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏடுபார்ப்பவர் | 5 ஜூன், காலை 6:20

தன்னிலையில் பேசச் சொன்னதை நான் ஏற்கிறேன். மண்வெட்டி வேண்டாம். உருப்படியைக் கையில் எடுத்த நொடியிலிருந்து அது நாடகம், கேட்பவர்கள் நடிப்புக்கு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

கீற்று, உங்கள் கோளாறு பிரித்ததில் இருக்கிறது. ஒரு பேனா எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது எந்த வசனத்தின் மேல் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் துண்டில் தோழிக்கு 12-ஆம் வசனம் மட்டும்தான் இருக்கிறது. உங்களிடம் 13, 14, 15 மூன்றும் இருக்கின்றன. அந்த மூன்றும் யார் பேசியவை? எஜமான் பேசியவை. அதாவது நீங்கள் பிந்தி வந்தவனுக்காகப் பேசவே இல்லை, எஜமானுக்காகப் பேசுகிறீர்கள். எஜமானின் வாயை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர் தோற்பதற்கென்றே நிற்கிறார். அப்புறம் கேள்வி கேட்பதைத் தவிர அவருக்கு என்ன வேலை?

எஜமானை இருவரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். அவர் வார்த்தைகளை வேதப்பகுதி வாசிப்பவர் வாசிக்கட்டும், வேறு யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் இருவருக்கும் அந்தந்த வேலையாளுக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும் என்று வைத்து எழுதுங்கள்.

மாலைநடை | 5 ஜூன், மதியம் 1:05

நானும் என் கணவரும் இப்படிச் சேர்ந்து பேசியிருக்கிறோம். நீங்கள் கேட்டது சொற்களின் அளவைப் பற்றி என்று நினைக்கிறேன், எங்களுக்கு அது சரியாகவே இருந்தது, ஆளுக்குப் பாதி. ஆனால் அவர் பாதியில் வரலாறும் வசன விளக்கமும், என் பாதியில் கதையும் உணர்வும். ஆராதனை முடிந்ததும் அவரிடம் "நல்ல போதனை" என்றார்கள். என்னிடம் "மனதைத் தொட்டீர்கள்" என்றார்கள். அந்த விளக்கத்தை உட்கார்ந்து தேடி எடுத்தவள் நான். அடுத்த முறை மாற்றினோம். விளக்கம் என்னிடம், அவருடைய அப்பாவைப் பற்றிய நினைவு அவரிடம். அவருக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது, ஆனால் அவர் பேசியதிலேயே அதுதான் நல்ல பிரசங்கம்.

கீற்று | 6 ஜூன், இரவு 11:12

ஏடுபார்ப்பவர் ஐயா சொன்னபடி வசனங்களைப் பக்கத்தில் எழுதினோம். எஜமானை வெட்டியதும் என் பக்கம் வெறுமையாகிவிட்டது. பதினோராம் மணிக்காரர்கள் இந்த உவமையில் மொத்தம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுகிறார்கள்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." 7-ஆம் வசனம். அதற்கப்புறம் வந்து பணத்தை வாங்குகிறார்கள், அவ்வளவுதான். கூலி கைக்கு வந்தபோது அவர்களுக்கு எப்படி இருந்தது என்று மத்தேயு சொல்லவில்லை.

தோழியின் பக்கமோ திடீரென்று கனத்துவிட்டது. அவள் கண்டுபிடித்தது 8-ஆம் வசனம். கூலியைப் பிந்தி வந்தவர்கள் தொடங்கிக் கொடு என்று எஜமான் சொல்கிறார். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் ஆளுக்கு ஒரு பணம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர்களை நிற்க வைத்து, பார்க்க வைத்து, 10-ஆம் வசனத்தில் சொல்வதுபோல் அதிகம் கிடைக்கும் என்று எண்ண வைத்து, அப்புறம் அதே ஒரு பணம். அவள் எழுதிய வரி:

அவள்: கூலி குறைந்தது என்று நான் சொல்லவே இல்லை. என்னை ஏன் கடைசியில் நிற்க வைத்தீர்கள்?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததே நல்லது என்றும் படுகிறது. கேள்விக்குறி இருந்தும் இது பேட்டிக் கேள்வியாக ஒலிக்கவில்லை.

பொன்வண்டு | 7 ஜூன், காலை 8:44

எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதைச் செய்கிறோம். பேசுபவர் நடுவில் நிறுத்திச் சபையாரிடம் கேட்பார், கை தூக்கிச் சொல்வார்கள். எழுதி வைத்துக்கொண்டால் அது எப்படி உரையாடல் ஆகும்?

கீற்று | 7 ஜூன், காலை 9:10

பொன்வண்டு, நீங்கள் சொல்வது சபையாரோடு பேசுவது, அது வேறு முறை. இங்கே பேசுவது இரண்டு பேர் மட்டும். எழுதி வைப்பதன் காரணம் நேரம். எழுதாமல் முதல் முறை முயன்றபோது 18 நிமிடம் 31 ஆனது, இருவரும் ஒரே கருத்தை மூன்று தடவை சொன்னோம்.

துணிச்சல் | 7 ஜூன், இரவு 8:15

சரி, மண்வெட்டியை விட்டேன். ஆனால் கீற்று பக்கம் வெறுமை என்கிறீர்களே, ஒரு பெரிய வாய்ப்பைப் பார்க்கவில்லை. காலையில் வந்தவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது, 2-ஆம் வசனம். ஒன்பது மணிக்கு வந்தவர்களுக்கு "நியாயமானபடி" என்ற வாக்கு இருந்தது, 4-ஆம் வசனம். கடைசி ஆட்களுக்கு ஒன்றுமே இல்லை! "கூலி பற்றி ஒரு பேச்சும் பேசாமல் போனேன்" என்று நீங்கள் சொல்லலாம். பக்கென்று பிடிக்கும்.

ஏடுபார்ப்பவர் | 7 ஜூன், இரவு 9:40

படியிறங்கிப் போகும் அந்த வரிசையைச் சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் மேடையில் அதை அப்படியே சொன்னால் மடியில் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்திருப்பவர் புருவத்தைத் தூக்குவார். அதில் 7-ஆம் வசனம் "நியாயமானபடி கூலி பெற்றுக்கொள்வீர்கள்" என்று முடிகிறது. வாக்கு அங்கே அச்சாகி இருக்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அந்தச் சொற்கள் இல்லை, அதனால் புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் "நீங்களும் தோட்டத்துக்குப் போங்கள்" என்பதோடு நிற்கும். 16-ஆம் வசனத்தின் கடைசியில் வரும் "அழைக்கப்பட்டவர்கள் அநேகர்" என்ற வரியும் இதே நிலைதான்.

ஆகவே முதலில் எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கப் போகிறீர்கள் என்று இருவரும் முடிவு செய்யுங்கள். பழையதை வாசித்தால் துணிச்சல் சொன்ன வரி நிற்காது. அதற்குப் பதிலாக, தொகை சொல்லப்படவில்லை என்பது எந்த மொழிபெயர்ப்பிலும் நிற்கும். "எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை." இது போதும்.

துணிச்சல் | 7 ஜூன், இரவு 9:52

இது இன்னும் நல்லா இருக்கு.

ஏடுபார்ப்பவர் | 8 ஜூன், காலை 6:05

இன்னொன்று. இரண்டு குரல்களுக்கும் முகம் கொடுக்கும்போது ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. ஆதி சபையின் ஆசிரியர்கள் இந்த வேளைகளை உலக வரலாற்றின் காலங்களாகப் படித்தார்கள், இரேனேயு அப்படித்தான் படிக்கிறார். ஓரிகன் அதோடு மனித வாழ்வின் பருவங்களாகவும் படித்தார், சிறுவயதில் விசுவாசத்துக்கு வந்தவர் முதல் முதுமையில் வந்தவர் வரை. முதல் வழியைப் பிற்காலத்தில் இறுக்கிப் பிடித்தவர்கள் அதிகாலை ஆட்கள் யூதர்கள், கடைசி ஆட்கள் நாம் என்று பிரசங்கித்தார்கள். இரண்டு பேர் மேடையில் நின்றால் அந்தப் பிரிவு இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும், முறுமுறுப்பவள் யார் என்று கேட்பவர் மனது தானே பெயர் வைத்துக்கொள்ளும்.

அதைத் தடுக்க முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். 19:27-இல் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கான பதிலின் தொடர்ச்சிதான் இந்த உவமை. 19:30-இல் இயேசு முந்தினோர் பிந்தினோர் ஆவார்கள் என்று சொல்லி, 20:16-இல் அதையே திருப்பிச் சொல்லி முடிக்கிறார். ஆக அதிகாலை ஆள் வெளியே நிற்கும் யாரோ இல்லை, முதல் வரிசைச் சீஷன். உங்கள் தோழி பேதுருவின் குரலில் பேசுகிறாள் என்று அவளே முதல் நிமிடத்தில் சொல்லிவிடட்டும்.

இரண்டு குரல் என்பது புதிதும் இல்லை. சீரிய மொழித் திருச்சபையில் வேதக் காட்சி ஒன்றை எடுத்து இரண்டு பேர் பத்திக்குப் பத்தி மாறிமாறிப் பேசும் பாடல்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் சிலுவையில் மன்னிக்கப்பட்ட கள்வன் பரதீசின் வாசலுக்கு வருகிறான், காவல் நிற்கும் கேருபீன் உள்ளே விட மறுக்கிறான். இருவருக்கும் வாதம் பலமாக இருக்கும், கேருபீனுக்குக் கட்டளை இருக்கிறது, கள்வனுக்கு வாக்கு இருக்கிறது. கேருபீன் முட்டாளாக எழுதப்படவில்லை, கவனியுங்கள்.

மாலைநடை | 8 ஜூன், மாலை 5:30

அந்தப் பாடலில் பத்திக்குப் பத்தி சமமாக மாறுவது பாட்டுக்குச் சரி. பேச்சில் அப்படி மாறினால் மூன்றாவது நிமிடத்தில் கேட்பவருக்கு இடமும் வலமும் பார்த்துக் கழுத்து வலிக்கும். நாங்கள் ஒருவர் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச, மற்றவர் ஒற்றை வரியில் குறுக்கிட்டு, அப்புறம் நீளமாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்ற இறக்கமாக வைத்தோம்.

கீற்று | 10 ஜூன், இரவு 10:45

முழுவதையும் திருப்பி எழுதினோம். வாசிப்பை ஒரே மூச்சில் முடிக்காமல் மூன்றாகப் பிரித்திருக்கிறோம், மூன்றாவது ஆள் ஒருவர் வாசிப்பார். எஜமானின் வார்த்தைகள் அவர் வாயிலிருந்து மட்டுமே வரும்.

முதல் வாசிப்பு 1 முதல் 7 வரை. அதன்பின் தோழி ஏறக்குறைய இரண்டு நிமிடம் தனியே பேசுகிறாள். பேதுருவில் ஆரம்பித்து, விடியற்காலை ஒப்பந்தத்துக்கு வருகிறாள். அடுத்து நான், அவளுக்குப் பதிலாக இல்லாமல், என் நாளைச் சொல்கிறேன். கடைத்தெருவில் நிற்பது. ஒன்பது மணிக்கு ஆள் எடுத்தபோது நானும் அங்கே இருந்தேனா இல்லையா என்று வசனம் சொல்லவில்லை, ஆனால் 6-ஆம் வசனத்தில் "பகல்முழுதும்" என்கிற சொல் இருக்கிறது. அதன் மேல் நின்று எழுதினேன்.

நான்: நீ வேலை செய்து களைத்தாய். நான் வேலை கிடைக்காமல் களைத்தேன். சாயங்காலத்தில் இரண்டு பேருக்கும் கால் வலித்தது.
அவள்: வலி ஒன்றுதான். விளைச்சல் ஒன்றா?
நான்: இல்லை.

அந்த "இல்லை" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முன்பு எழுதியதில் நான் எதையுமே விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது வாசிப்பு 8 முதல் 12 வரை. இங்கே அவள் "என்னை ஏன் கடைசியில் நிற்க வைத்தீர்கள்" என்ற வரியைச் சொல்கிறாள், எஜமான் நிற்கும் இடமாக நாங்கள் வைத்திருக்கும் வாசிப்பு மேசையைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சொன்னால் அது எங்கள் சண்டையாகிவிடுகிறது. என் பக்கத்துக்கு உபாகமம் 24:15-ஐ எடுத்துக்கொண்டேன். கூலியாளுக்குப் பொழுது சாயும் முன் கூலி கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பி இருக்கிறான் என்பது நியாயப்பிரமாணம். 8-ஆம் வசனத்தில் சாயங்காலத்தில் கூப்பிட்டுக் கொடுப்பதன் பின்னணி அதுதான். ஒரு பணம் ஒரு நாளின் கூலி. பன்னிரண்டு மணி நேரப் பகலில் ஒரு மணிக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும், என் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. இதைச் சொல்லும்போது அவள் குறுக்கிடுவதில்லை. அவளும் கூலியாள்தான், அவளுக்கு இது தெரியும்.

மூன்றாவது வாசிப்பு 13 முதல் 16 வரை. அதற்கப்புறம் மூன்று நிமிடம் மட்டும் மிச்சம். அந்த மூன்று நிமிடத்தில் என்ன பேசுவது என்பதில்தான் இருவரும் முட்டி நிற்கிறோம்.

ஒலிப்பெட்டி | 11 ஜூன், காலை 7:15

நான் ஒலிபெருக்கி பார்க்கிறவன், வேதம் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மைக் இரண்டு வேண்டும். ஒரே மைக்கைக் கைமாற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு மூன்று விநாடி போகும், "வலி ஒன்றுதான், விளைச்சல் ஒன்றா" மாதிரி ஒற்றை வரிகள் எல்லாம் செத்துவிடும். வாசிப்பவருக்கு மூன்றாவது மைக். இருவர் குரலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், பின்வரிசையில் முகம் தெரியாதவர்களுக்கு யார் பேசுகிறார் என்று புரியாது. தூணுக்குப் பின்னால் ஒருவரை உட்கார வைத்துச் சோதியுங்கள்.

காகிதத்தில், அவரவர் வரிகள் பெரிய எழுத்தில், மற்றவருடைய வரியின் கடைசி நாலைந்து சொற்கள் சின்ன எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கம் திருப்பாதபடி, மற்றவர் நீளமாகப் பேசும் இடத்தில் பக்கம் முடியட்டும். யாராவது மேடையில் புதிதாக ஒரு வரி சேர்த்தால் மற்றவர் தன் இடத்தைத் தொலைப்பார். சேர்ப்பதானால் தன் பேச்சின் நடுவில் சேர்க்கலாம், கடைசி வரியை மட்டும் எழுதியபடியே முடிக்க வேண்டும்.

கீற்று | 11 ஜூன், இரவு 9:20

தூண் சோதனை செய்தோம். குரல் பிரச்சினை இல்லை, ஆனால் வேறொன்று தெரிந்தது. அவள் பேசும்போது நான் குனிந்து என் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேனாம். பார்த்தவர் சொன்னது: "நீங்கள் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை, அதனால் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்." இப்போது என் முதல் நான்கு சொற்களை மட்டும் மனப்பாடம் செய்கிறேன். நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டு, அந்த நான்கு சொல்லைச் சொல்லிவிட்டு அப்புறம் காகிதத்துக்கு வருகிறேன்.

துணிச்சல் | 12 ஜூன், மதியம் 2:02

கடைசி மூன்று நிமிடத்துக்கு என் யோசனை: அவர் கையை நீட்டட்டும், நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், "நாம் இருவரும் ஒரே தோட்டத்தின் ஆட்கள்." ஆமென். இல்லாவிட்டால் பட்டிமன்றம் நடுவர் வராமலே கலைந்த மாதிரி இருக்கும்.

ஏடுபார்ப்பவர் | 12 ஜூன், இரவு 9:15

உவமை அப்படி முடியவில்லையே. 15-ஆம் வசனம் கேள்வி: நான் தயாளனாயிருக்கிறபடியால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா? அந்த ஆள் என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு போனானா, அதுவும் தெரியாது. வசனம் விட்ட இடத்தை ஒரு கைகுலுக்கலால் மூடினால், அத்தனை நிமிடம் அவள் உண்மையாகக் கேட்டதெல்லாம் வெறும் முன்னோட்டம் ஆகிவிடும். ஈஸ்டர் தினத்தில் கிழக்கத்திய சபைகளில் வாசிக்கிற, கிறிசோஸ்தோமின் பெயரில் வழங்கும் பிரசங்கம் இதே உவமையை எடுத்து, முதல் மணியில் வந்தவரையும் பதினோராம் மணியில் வந்தவரையும் சேர்த்தே விருந்துக்கு அழைக்கிறது. அழகானது. ஆனால் அது ஒரே குரல், அதற்கு அந்த உரிமை உண்டு. நீங்கள் இரண்டு குரலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

மாலைநடை | 13 ஜூன், காலை 10:40

நான் துணிச்சல் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். வருடக்கணக்காகச் சபையில் உழைத்துக் களைத்த ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பாள். அவளைக் கேள்வியோடு மட்டும் அனுப்ப எனக்கு மனம் வராது. நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

கீற்று | 14 ஜூன், இரவு 11:30

இரண்டையும் எழுதிப் படித்துப் பார்த்தோம். கைகுலுக்கும் முடிவில் தோழிக்குத் தொண்டை அடைத்தது, "இதை நான் நம்பவில்லை, சொல்ல வரவில்லை" என்றாள். கேள்வியோடு நிற்கும் முடிவில் எனக்கு மாலைநடை அக்கா சொன்ன அந்த அம்மா நினைவுக்கு வந்தார்.

இப்போதைக்கு நாங்கள் வந்திருக்கிற இடம் இது. 16-ஆம் வசனம் வரை வாசித்து முடித்ததும் ஒரு பதிலைத் தவிர நான் எதுவும் பேசுவதில்லை. கடைசி வார்த்தை அவளுடையது. அவள் எஜமானுக்குப் பதில் சொல்வதில்லை, என்னிடம் திரும்பி, அந்த உவமையில் யாரும் கேட்காததைக் கேட்கிறாள்:

அவள்: நாளைக்குக் காலையில் நீ எத்தனை மணிக்கு வருவாய்?
நான்: விடியும் முன்னே. வேலை கொடுத்தால்.
அவள்: நானும் அங்கேதான் நிற்பேன்.

சமாதானம் ஆனதாக அவள் சொல்லவில்லை, ஆனாலும் என்னோடு பேசுகிறாள். இதைச் சொல்ல அவளுக்குத் தடை இல்லை. ஆனால் இந்த மூன்று வரியும் எந்த வசனத்தின் மேல் நிற்கிறது என்று ஏடுபார்ப்பவர் ஐயா கேட்பார், பக்கத்தில் எழுத எங்களிடம் எண் இல்லை.

ஏடுபார்ப்பவர் | 15 ஜூன், காலை 6:10

கேட்கத்தான் செய்வேன். எண் இல்லை. 14-இல் "உன்னுடையதை நீ வாங்கிக்கொண்டு போ" என்கிறார், போனவர்கள் மறுநாள் வந்தார்களா என்பது வசனத்துக்கு வெளியே. ஆனால் அவள் அதைக் கற்பனை என்று தெரியும்படி சொல்ல வழி இருக்கிறது: வாசிப்பவர் வேதாகமத்தை மூடிவிட்டு உட்கார்ந்த பிறகு சொல்லட்டும். அப்படியும் எனக்கு முழு சம்மதம் இல்லை.

துணிச்சல் | 15 ஜூன், காலை 9:33

எனக்குச் சம்மதம். கை நீட்ட வேண்டாம், ஆனால் அந்த மூன்று வரியின்போது இருவரும் ஒரே பக்கம் நின்று பேசுங்கள்.

கீற்று | 15 ஜூன், இரவு 10:05

வேதாகமத்தை மூடுவதைச் சேர்த்துவிட்டோம். நிற்கும் இடத்தை நாளை ஒத்திகையில் பார்க்கிறோம். மொத்தம் 19 நிமிடம் 20 விநாடி வருகிறது, இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்ட வேண்டும். என் கடைத்தெருப் பகுதியில்தான் வெட்டப் போகிறேன், அவள் பகுதியில் கை வைக்க மாட்டேன்.